வாழைக்காய்ச் சாற்றில் நீலம் வராதது ஏன்? உணவுச் சோதனைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் சாதாரண தர, உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் சொல்லித்தருகிறேன். செய்முறை வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளில் திரும்பத் திரும்ப வருபவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். எந்தச் சோதனைக்கு எந்த நிறம் என்பது எல்லோருக்கும் பாடம்தான். நிறம் வரவேண்டிய இடத்தில் வராமல் போகும்போதுதான் கை நின்றுவிடுகிறது. பெரும்பாலும் பிழை சோதனைப்பொருளில் இல்லை, அதற்கு முன்னால் சாறு எடுத்த விதத்தில் இருக்கிறது. ஆகவே பதில்களில் அதற்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

ரீச்சர், பச்சை வாழைக்காயை அரைத்து வடித்து அயடீன் விட்டேன். மஞ்சளாகவே நிற்கிறது. அயடீன் பழசா?

அயடீனைக் குறை சொல்லும் முன் வடிதாளில் தங்கியிருக்கும் சக்கையில் ஒரு துளி அயடீன் விட்டுப் பாருங்கள். அந்த இடம் கறுத்து நீலமாகும். நீங்கள் தேடிய மாப்பொருள் சாற்றுக்குள் வராமல் தாளிலேயே தங்கிவிட்டது.

வாழைக்காயின் கலங்களுக்குள் மாப்பொருள் கரைந்த நிலையில் இல்லை. மாமணிகளாக, சிறு கூழாங்கற்களைப் போல அடுக்கப்பட்டிருக்கிறது. பச்சைத் தண்ணீரில் அந்த மணிகள் கரையா. அம்மியிலோ உரலிலோ அரைக்கும்போது கலச்சுவர் உடைந்து மணிகள் வெளியே வரும், ஆனால் மணி மணியாகத்தான் வரும். நல்ல வடிதாள் அவற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கீழே இறங்கும் தெளிந்த நீரில் வெல்லம் இருக்கும், உப்புகள் இருக்கும், கொஞ்சம் புரதம் இருக்கும், மாப்பொருள் மட்டும் ஏறத்தாழ இருக்காது.

செய்யவேண்டியது இதுதான். அரைத்த கலவையை வடிக்காமல் அப்படியே கொதிநீர்த் தொட்டியில் 5 நிமிடம் வையுங்கள். சூட்டில் மணிகள் நீரை உறிஞ்சி ஊதி உடைய, மாப்பொருளின் ஒரு பகுதி நீரில் கலக்கும். கஞ்சி காய்ச்சும்போது நடப்பதும் இதுதான். பிறகு நன்றாக ஆறவிட்டு, மெல்லிய துணியில் வடித்து, ஒரு துளி அயடீன் விடுங்கள். ஆறவிடுவது முக்கியம். ஏன் என்று இரண்டு கேள்வி தள்ளிச் சொல்கிறேன்.

ஒரே சாற்றைப் பிரித்து நான்கு சோதனையும் செய்யலாமா?

மூன்றுக்குப் பிரிக்கலாம், நான்காவதற்கு முடியாது. நீரில் அரைத்து எடுத்த சாற்றில் வெல்லமும் கரையும் புரதமும் இருக்கும். அதையே கொதிக்க வைத்தால் மாப்பொருளுக்கும் உதவும். கொழுப்பு நீருக்குள் வராது, அதற்கு எதனோலில் தனியாக அரைக்கவேண்டும்.

நான் செய்யும் முறை இது. 5 கிராம் இழையத்தைச் சின்னத் துண்டுகளாக நறுக்கி உரலில் போட்டு, 20 மி.லீ. காய்ச்சி வடித்த நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அரைக்கிறேன். வழவழப்பான கூழானதும் இரண்டு பங்காகப் பிரிக்கிறேன். ஒரு பங்கு வடிக்காமல் கொதிநீருக்குப் போகும், அது அயடீனுக்கு. மற்றப் பங்கை வடிதாளில் வடித்து, தெளிந்த நீரை வெல்லத்துக்கான பெனடிக்ற் சோதனைக்கும் புரதத்துக்கான பையூரெற் சோதனைக்கும் எடுப்பேன். இன்னொரு 2 கிராம் இழையத்தை உலர்ந்த உரலில் எதனோல் விட்டு அரைத்தால் கொழுப்புக்கான குழம்புச் சோதனைக்கு ஆயிற்று.

பிரிப்பது குழாய்களுக்காக மட்டும் அல்ல. ஒரே குழாயில் ஒன்றன்பின் ஒன்றாகச் சோதித்துப் பார்க்கும் பிள்ளைகள் உண்டு. பையூரெற் முடிந்த குழாயில் அயடீன் விட்டால், மாப்பொருள் இருந்தாலும் நீலம் வராது, அயடீனின் மஞ்சள்கூட மறைந்துவிடும். அங்கே இருக்கும் சோடியம் ஐதரொட்சைட்டு அயடீனை வேறு சேர்வைகளாக மாற்றிவிடுகிறது. ஒவ்வொரு சோதனைக்கும் புதிய குழாய், புதிய சாறு.

அரைத்த சாறு கொஞ்ச நேரத்தில் பழுப்பாகிறது. நிறம் பார்ப்பதே கஷ்டமாக இருக்கிறது.

வாழை, கத்தரி, உருளைக்கிழங்கு எல்லாம் இப்படித்தான். முழுக் கலத்தில் வெவ்வேறு அறைகளில் பிரிந்து இருந்த பீனோல் சேர்வைகளும் நொதியங்களும், அரைத்ததும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. காற்றிலுள்ள ஒட்சிசனும் சேர, பழுப்பு வருகிறது. அயடீனின் மஞ்சட்பழுப்போடு இதைச் சேர்த்துப் பார்த்தால் யாருக்கும் குழப்பம்தான்.

இரண்டு வழி செய்யலாம். அரைத்தவுடன் தாமதிக்காமல் கொதிநீரில் வைத்தால் நொதியம் செயலிழந்துவிடும், பழுப்பு மேலும் கூடாது. அத்தோடு, சோதனைப்பொருளுக்குப் பதில் அதே அளவு நீர் விட்ட சாற்றுக் குழாய் ஒன்றையும் பக்கத்தில் நிறுத்துங்கள். இரண்டையும் ஒரு வெள்ளைத் தாளின் முன் பிடித்தால் சாற்றின் சொந்த நிறம் எது, சோதனை தந்த நிறம் எது என்று கண்ணுக்குப் பிரிந்து தெரியும்.

கொழும்பு வெக்கையில் இன்னொரு காரணத்துக்காகவும் சாற்றை வைத்திருக்கக்கூடாது. பழுத்த வாழையின் சாற்றில் சுக்குரோசைப் பிரிக்கும் நொதியமும் வந்து சேர்கிறது. 30 பாகைச் சூட்டில் மேசையில் விட்டால் அது வேலையைத் தொடரும். நாம் சோதிக்கும் நேரத்தில் வெல்லத்தின் கணக்கு மாறிவிட்டிருக்கும்.

சிலவற்றில் கருநீலம், சிலவற்றில் ஊதா, சிலவற்றில் செம்பழுப்பு. எல்லாமே மாப்பொருளா?

அயடீன் மூலக்கூறு நீரில் அரிதாகவே கரையும். அதனால்தான் பொற்றாசியம் அயடைட்டுக் கரைசலில் கரைத்து வைத்திருக்கிறோம். மாப்பொருளில் இரண்டு வகைச் சங்கிலிகள் உண்டு. அமைலோசு கிளையில்லாத நீண்ட சங்கிலி, சுருள்வில் போல முறுக்கிக்கொண்டிருக்கும், ஒரு சுற்றுக்கு 6 குளுக்கோசு. அந்தச் சுருளின் நடுவே அயடீன் வரிசையாகப் போய் உட்காரும்போது கருநீலம் தோன்றும். அமைலோபெற்றின் கிளைவிட்டது, அதன் சுருள்கள் குட்டை. அதனால் அங்கே வருவது செவ்வூதா. விலங்குகளின் ஈரலிலும் தசையிலும் இருக்கும் கிளைக்கோசன் இன்னும் அதிகம் கிளைவிட்டது, செம்பழுப்புத்தான் தரும்.

வெறும் மஞ்சட்பழுப்பு என்றால் அது அயடீனின் சொந்த நிறம். வெங்காயச் செதிலின் மேற்றோலை உரித்து அயடீன் விட்டால் கலங்களும் கருக்களும் மஞ்சளாகத் தெரியும், நீலம் எங்கும் இராது. வெங்காயம் தன் சேமிப்பை மாப்பொருளாக வைப்பதில்லை.

இனி ஆறவிடும் விடயம். அயடீன் அந்தச் சுருளுக்குள் தளர்வாகத்தான் இருக்கிறது. சூடாக்கினால் வெளியேறிவிடும், நீலமும் போய்விடும். ஆறியதும் திரும்பி வந்து உட்காரும், நீலமும் திரும்பும். கொதிநீர்த் தொட்டியிலிருந்து எடுத்த கையோடு அயடீன் விட்டுவிட்டு "இல்லை" என்று எழுதிய கொப்பிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தக் குழாயைக் குளிர்ந்த நீரில் 2 நிமிடம் பிடித்தாலே விடை மாறியிருக்கும்.

கொய்யாச் சாற்றில் அயடீன் விட்டதும் நிறமே இல்லாமல் போய்விட்டது. இது எந்த விடை?

மாப்பொருள் பற்றி இன்னும் விடை கிடைக்கவில்லை என்பதே விடை. கொய்யா, நெல்லி, தேசிக்காய் போன்றவற்றில் உள்ள விற்றமின் சீ அயடீனைத் தாழ்த்தி நிறமற்ற அயடைட்டாக்கிவிடும். மாப்பொருளோடு சேர அயடீன் மிச்சமில்லை. மஞ்சள் நிலைத்து நிற்கும்வரை துளித்துளியாக மேலும் அயடீன் விடுங்கள். நிலைத்த பிறகு நீலம் வருகிறதா என்று பாருங்கள். விற்றமின் சீ பெனடிக்ற் கரைசலையும் தாழ்த்தக்கூடியது. ஆகவே இப்படியான சாற்றில் வரும் இளம்பச்சையை வெல்லம் என்று உடனே சொல்லிவிட முடியாது.

பெனடிக்ற் சோதனையில் பச்சை வந்தது. செங்கட்டிச் சிவப்பு வரவில்லையே, அப்போ வெல்லம் இல்லைதானே?

இருக்கிறது, குறைவாக இருக்கிறது.

பெனடிக்ற் கரைசலின் நீலம் அதிலுள்ள செப்பு அயனின் நீலம். தாழ்த்தும் வெல்லம், அதாவது தமிழ்நாட்டுப் புத்தகங்களில் ஒடுக்கும் சர்க்கரை என்று வருவது, கார ஊடகத்தில் சூடாகும்போது அந்தச் செப்புக்கு இலத்திரனைக் கொடுக்கும். செப்பு கரையாத குப்பிரசு ஒட்சைட்டாக, Cu₂O ஆக, கீழே விழும். அந்த வீழ்படிவுதான் சிவப்பு. வெல்லம் கொஞ்சமாக இருந்தால் வீழ்படிவும் கொஞ்சம், மிச்ச நீலம் அப்படியே நிற்கும். மஞ்சள் கலந்த வீழ்படிவை நீலக் கரைசலுக்குள் பார்த்தால் கண்ணுக்குப் பச்சை. வெல்லம் கூடக்கூட மஞ்சள், செம்மஞ்சள், கடைசியில் செங்கட்டிச் சிவப்பு.

2 மி.லீ. சாறு, 2 மி.லீ. பெனடிக்ற் கரைசல், கொதிக்கும் நீர்த்தொட்டியில் 5 நிமிடம். 80 பாகைக்குக் கீழே தொட்டி இறங்கவிடாதீர்கள். குழாயை நேராகச் சுவாலையில் பிடிக்கவேண்டாம், கரைசல் துள்ளி வெளியே அடிக்கும்.

இந்தச் சோதனைக்கு மேல் எல்லையும் ஒன்று உண்டு, அது பலருக்குத் தெரிவதில்லை. குழாயிலுள்ள செப்பு எல்லாம் தீர்ந்தபின் வெல்லம் எவ்வளவு கூடினாலும் நிறம் மாறாது. மேலே சொன்ன சம அளவில் 1% குளுக்கோசுக் கரைசலே செப்பு முழுவதையும் தீர்த்துவிடும். இரண்டு பழங்களை ஒப்பிட்டு, இரண்டும் செங்கட்டிச் சிவப்பு என்பதால் வெல்லம் சமம் என்று எழுதினால் அது தவறு. சாற்றை 10 மடங்கு, 20 மடங்கு என்று ஐதாக்கி மறுபடி சோதித்தால்தான் வித்தியாசம் வெளியே வரும்.

சீனிக் கரைசலில் பெனடிக்ற் நீலமாகவே நிற்கிறது. சீனியை விட இனிப்பு என்ன இருக்கிறது?

பெனடிக்ற் கரைசலுக்கு இனிப்பைப் பற்றித் தெரியாது. சீனி என்பது சுக்குரோசு. குளுக்கோசும் பிரற்றோசும், தாழ்த்தும் வேலையைச் செய்யும் தத்தம் முனைகளாலேயே ஒன்றோடொன்று பிணைந்திருக்கின்றன. இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டவர்களிடம் சாமானை வாங்கித்தரச் சொல்வதுபோல. செப்புக்கு இலத்திரன் கொடுக்கக் கை ஓய்வாக இல்லை. இலற்றோசும் மோல்ற்றோசும் இரட்டை வெல்லங்கள்தான், ஆனால் அவற்றில் ஒரு கை ஓய்வாக இருக்கிறது, அதனால் தாழ்த்தும்.

கோத்த கையைப் பிரிக்கவேண்டும். 2 மி.லீ. சாற்றில் ஐதான ஐதரோக்குளோரிக் அமிலம் சில துளிகள் விட்டு, கொதிநீரில் 5 நிமிடம் வையுங்கள். ஆறவிட்டு, சோடியம் இருகாபனேற்றுத் தூளைச் சிட்டிகை சிட்டிகையாக, நுரைப்பது நிற்கும்வரை போடுங்கள். பிறகு வழமைபோலப் பெனடிக்ற் சோதனை. நுரை நிற்கும்முன் அவசரப்பட்டால் மிச்ச அமிலம் பெனடிக்ற் கரைசலின் காரத்தன்மையைத் தின்றுவிடும், வெல்லம் இருந்தும் நீலம்தான் நிற்கும்.

ஒன்றைக் கவனியுங்கள். அமிலத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு குழாய்களும் வேண்டும். முன் குழாய் நீலம், பின் குழாய் சிவப்பு என்றால்தான் தாழ்த்தாத வெல்லம் மட்டும் இருந்தது என்று சொல்லலாம். முன்னதே பச்சையாக இருந்து பின்னது செம்மஞ்சளாக மாறினால் இரண்டு வகையும் இருந்தன. அமிலம் மாப்பொருளையும் கொஞ்சம் உடைக்கும் என்பதால் இதற்கு நன்றாக வடித்த தெளிந்த சாற்றை எடுங்கள்.

சரி ரீச்சர், ஒரு வாழைப்பழத்தை எடுத்து முழுதாகச் செய்து காட்டினால் என்ன வரும்?

சென்ற தவணையில் செய்ததைச் சொல்கிறேன். வெள்ளவத்தைச் சந்தையில் பச்சையாக ஒரு சீப்புக் கோழிக்கூட்டு வாழை வாங்கினோம். அன்றே ஒரு காயைச் சோதித்தோம். மிச்சத்தைப் பழுக்கவிட்டு, தோல் முழு மஞ்சளாகி ஆங்காங்கே புள்ளி விழுந்த அன்று இன்னொன்றை எடுத்தோம். ஒரே சீப்பு என்பதால் வகை வேறு, மரம் வேறு என்ற சந்தேகம் இல்லை.

முதலில் நுணுக்குக்காட்டி. காயின் சதையை ஊசியால் மெல்லச் சுரண்டி, கண்ணாடித் தட்டில் ஒரு துளி நீரில் பரப்பி, ஒரு துளி அயடீன். கலங்கள் நிறையக் கருநீல மணிகள், இடைவெளியே இல்லை. பழுத்ததில் அதே அளவு கலங்கள், உள்ளே ஏறத்தாழ வெறுமை, அங்கொன்று இங்கொன்றாகக் கரைந்து மெலிந்த மணிகள். சோதனைக்குழாயில் நிறத்தைப் பார்ப்பதைவிட இது எனக்கு அதிகம் பிடிக்கும். மாப்பொருள் எந்த அறையில் இருந்து எங்கே போனது என்பதைப் பிள்ளைகள் கண்ணாலேயே பார்க்கிறார்கள்.

பிறகு சாறு, மேலே சொன்ன 5 கிராம், 20 மி.லீ. அளவில். காயின் கொதித்து ஆறிய சாற்றில் அயடீன் கருநீலம். பழத்தின் சாற்றில் மங்கிய பழுப்பூதா. பொதுவாகப் பச்சைக் காயின் சதையில் ஏறத்தாழ 5இல் ஒரு பங்கு மாப்பொருளாக இருக்கும், முழுதாகப் பழுத்ததில் நூற்றுக்கு ஒன்றிரண்டுதான் மிஞ்சும். அந்த மாப்பொருள்தான் வெல்லமாகிறது.

பெனடிக்ற் சோதனையில் காய்ச்சாறு இளம்பச்சை. பழச்சாறு ஒரு நிமிடத்துக்குள்ளேயே செங்கட்டிச் சிவப்பு. இதோடு நிறுத்தியிருந்தால் எல்லை தாண்டிய ஒரு விடையை எழுதியிருப்போம். ஆகவே பழச்சாற்றில் 1 மி.லீ. எடுத்து 19 மி.லீ. நீருடன் சேர்த்து மறுபடி செய்தோம். அப்போது மஞ்சட்பச்சை வந்தது. அதே ஐதான சாற்றை அமிலத்தில் கொதிக்கவைத்து நடுநிலையாக்கிச் செய்தபோது செம்மஞ்சள். இரண்டு குழாய்க்கும் இடையிலான அந்தத் தூரம்தான் பழத்திலிருந்த சுக்குரோசு. பழுத்த வாழையில் குளுக்கோசு, பிரற்றோசு, சுக்குரோசு மூன்றுமே உண்டு.

பையூரெற் சோதனையில் இரண்டிலும் வெறும் நீலம். குழம்புச் சோதனையில் இரண்டிலும் தெளிவு. வாழையில் புரதம் சதையின் நிறையில் ஏறத்தாழ 1%தான், அதையும் நாம் 5 மடங்கு ஐதாக்கிவிட்டோம். ஆகவே கொப்பியில் "புரதம் இல்லை" என்று எழுதவேண்டாம், "இந்தச் சாற்றில் பையூரெற் சோதனைக்கு எட்டும் அளவில் புரதம் காணப்படவில்லை" என்று எழுதுங்கள் என்றேன். ஒரு வரி நீளம்தான், ஆனால் அதுதான் உண்மை.

பையூரெற்றில் நீலமா ஊதாவா என்று எப்படிப் பிரித்துச் சொல்வது?

பக்கத்தில் ஒரு நீர்க்குழாய் இல்லாமல் சொல்லமுடியாது. 2 மி.லீ. நீரில் அதே அளவு சோதனைப்பொருள்களை விட்டு வையுங்கள், அதுதான் நீலம். முட்டை வெண்கருவை நீரில் கலக்கி இன்னொரு குழாய் வைத்தால் அது ஊதா. உங்கள் சாறு இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

சாற்றோடு சம அளவு 10% சோடியம் ஐதரொட்சைட்டுச் சேர்த்துக் குலுக்கி, பிறகு 1% செப்பு சல்பேற்றை இரண்டு மூன்று துளி மட்டும் விடவேண்டும். தாராளமாக விட்டால் நீல நிறச் செப்பு ஐதரொட்சைட்டு வீழ்படிவாகி, மெல்லிய ஊதாவை மூடிவிடும். சூடாக்கவே கூடாது. சூடாக்கினால் சாற்றிலுள்ள தாழ்த்தும் வெல்லம் செப்பைத் தாழ்த்திச் சிவப்பு வந்துவிடும், ஒரு சோதனை இன்னொன்றாக மாறிவிடும்.

ஊதா காட்டுவது பெப்தைட்டுப் பிணைப்பை. செப்பு அயன் காரத்தில் அந்தப் பிணைப்புகளின் நைதரசன்களோடு சேர்ந்து நிறம் தருகிறது. குறைந்தது இரண்டு பெப்தைட்டுப் பிணைப்பாவது வேண்டும், ஆகவே தனி அமினோ அமிலம் ஊதா தராது. பையூரெற் என்ற பெயர் யூரியாவைச் சூடாக்கும்போது உண்டாகும் ஒரு சேர்வையின் பெயர். அதுவும் இதே நிறம் தரும் என்பதால் சோதனைக்கு அந்தப் பெயர் வந்தது, கரைசலுக்குள் பையூரெற் இல்லை.

ஊறவைத்த பயறில் புரதம் நிறைய என்கிறார்கள். எனக்கு ஊதா ரொம்ப மங்கல்.

எதில் அரைத்தீர்கள்? வெறும் நீரில் என்றால் அதுதான் காரணம். பயறு, கடலை போன்றவற்றின் சேமிப்புப் புரதத்தில் பெரும்பங்கு குளோபுலின் வகை. அது வெறும் நீரில் நன்றாகக் கரையாது, உப்புநீரில் கரையும். 100 மி.லீ. நீரில் 3 கிராம் உப்புப் போட்டு அதில் அரைத்துப் பாருங்கள். வடித்த சாறு சற்றுக் கலங்கலாக இருக்கும், ஊதா தெளிவாகக் கூடும். முதலில் அரைத்த சக்கையையே உப்புநீரில் மறுபடி அரைத்துச் சோதித்தால், எவ்வளவு புரதத்தைச் சக்கையோடு எறிய இருந்தோம் என்பது தெரியும்.

பையூரெற்றுக்கு எடுக்கும் சாற்றை முன்கூட்டியே கொதிக்கவைக்காதீர்கள். சூட்டில் புரதம் திரண்டு, வடிக்கும்போது தாளில் தங்கிவிடும். வாழைக்காயில் மாப்பொருளுக்கு நடந்த அதே கதை.

தேங்காய்ப்பால் பார்க்கவே வெள்ளைக் குழம்பு. அதற்குச் சோதனை வேறு வேண்டுமா?

நல்ல கேள்வி. இதை விளங்கிக்கொண்டால் குழம்புச் சோதனையே விளங்கிவிடும். குழம்பு என்றால் ஒன்றில் ஒன்று கரையாத இரண்டு திரவங்களில் ஒன்று நுண்துளிகளாக மற்றதில் மிதப்பது. பால்மம் என்றும் எழுதுவார்கள். தேங்காய்ப்பாலில் எண்ணெய்த் துளிகள் நீரில் மிதக்கின்றன, தேங்காயின் புரதங்கள் அவற்றைச் சுற்றிப் படிந்து ஒன்றுசேராமல் தடுக்கின்றன. ஆனால் வெள்ளை என்பதால் மட்டும் கொழுப்பு என்று சொல்லமுடியாது. அரிசி கழுவிய தண்ணீரும் வெள்ளைதான், அங்கே மிதப்பது மாமணி.

எதனோல் இந்தக் குழப்பத்தைத் தீர்க்கிறது. துருவிய தேங்காய்ப்பூவை 2 கிராம் அளவில் உலர்ந்த உரலில் போட்டு 5 மி.லீ. எதனோல் விட்டு அரைத்து, உலர்ந்த குழாயில் மூடிக் குலுக்கி, 2 நிமிடம் நிற்கவிடுங்கள். கொழுப்பு எதனோலில் கரையும். மாமணிகளும் புரதமும் கரையாமல் அடியில் தங்கும். மேலே தெளிந்த எதனோலை மட்டும், அடிமண்டி வராமல், 2 மி.லீ. குளிர்ந்த நீருள்ள இன்னொரு குழாய்க்குள் ஊற்றுங்கள். எதனோல் நீரோடு கலந்துவிடும், கொழுப்புக்கு இனிக் கரைந்திருக்க இடமில்லை, நுண்துளிகளாகப் பிரிந்து வெளியே வரும். அவை ஒளியைச் சிதறடிப்பதால் பால்வெள்ளை. ஊற்றும் முன் தெளிவாக இருந்தது ஊற்றியபின் வெள்ளையானது, அந்த மாற்றம்தான் சான்று.

முதற் குழாயில் நீர் இருந்தால் எதனோல் ஐதாகி, கொழுப்பு கரையாது போகும். உரலும் குழாயும் ஏன் உலர்ந்திருக்கவேண்டும் என்பதற்குக் காரணம் அதுதான். எதனோல் எளிதில் தீப்பற்றும், அந்த மேசையில் சுவாலை எதுவும் எரியக்கூடாது.

எதனோல் கிடைக்கவில்லை. பார்மசியில் வாங்கிய ஸ்பிரிட் சரிவருமா?

போத்தலைப் பொறுத்தது. கைகழுவும் 70% திரவம் உதவாது, அதிலுள்ள நீர் அதிகம், கொழுப்பு சரியாகக் கரையாது. சேர்ஜிக்கல் ஸ்பிரிட் சிலவற்றில் தோல் வறளாமல் இருக்க ஆமணக்கெண்ணெய் சேர்த்திருக்கிறார்கள். அதை நீரில் ஊற்றினாலே வெள்ளையாகும், தேங்காயே தேவையில்லை.

எனக்கே இது நடந்தது. ஒருநாள் வகுப்பில் வெள்ளரிக்காய் உட்பட எல்லாக் குழாய்களும் பால்வெள்ளை. வெள்ளரிக்காயில் இவ்வளவு கொழுப்பா என்று ஒரு பிள்ளை கேட்டபோதுதான் வெறும் ஸ்பிரிட்டை நீரில் விட்டுப் பார்த்தேன். அதுவும் வெள்ளை. அன்றிலிருந்து எந்தப் போத்தலைத் திறந்தாலும் முதல் 2 மி.லீ. வெறும் நீருக்குள்தான் போகிறது. தெளிவாக நின்றால் மட்டும் வகுப்புக்கு எடுக்கிறேன்.